பத்து வரி, நாற்பது நிமிடம்: வாய்விட்டுச் செய்த ஒரு கோடு ரிவ்யூ

வேலைக்கான இன்டர்வியூவில் கோடு எழுதத் தெரியுமா என்று பார்க்கும் சுற்று முடிந்த பிறகு, அடுத்தவர் எழுதியதைப் படிக்கத் தெரியுமா என்று பார்க்க நாங்கள் இன்னொரு சுற்று வைப்போம். நாற்பது நிமிடம். திரையில் ஒரே ஒரு ஃபங்ஷன். ஓட்டிப் பார்க்க முடியாது, தேட முடியாது. வந்தவர் அதைப் படித்துக்கொண்டே மனதில் ஓடுவதைச் சொல்ல வேண்டும். கோடை எழுதியவராக நான் நடிப்பேன், கேள்வி கேட்டால் பதில் சொல்வேன், கொஞ்சம் முரண்டும் பிடிப்பேன். பக்கத்தில் என் சக ஊழியர் ஒருவர் குறிப்பு மட்டும் எடுப்பார்.

அன்று வைத்த ஃபங்ஷன் இது:

```python
def redeem(user_id, code):
    c = db.get("SELECT * FROM coupons WHERE code = '%s'" % code)
    if c.used_count < c.max_uses:
        try:
            wallet.credit(user_id, c.amount)
            db.run("UPDATE coupons SET used_count = %s WHERE id = %s",
                   c.used_count + 1, c.id)
        except Exception:
            pass
    return True
```

நான் சொன்ன முன்னுரை இவ்வளவுதான்: "கூப்பன் கோடு போட்டா பயனரோட வாலட்ல பணம் ஏறணும். ஒரு கூப்பனை இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம்னு ஒரு வரம்பு இருக்கு. எழுதினது நான். நாளைக்கு வெளியிடணும். பாத்துச் சொல்லுங்க."

வந்தவருக்கு ஐந்து ஆண்டு அனுபவம். உட்கார்ந்ததும் முதல் வரியிலிருந்து தொடங்கிவிட்டார். `c` என்ற பெயர் விளங்கவில்லை, `coupon` என்று வைக்கலாம். `SELECT *` வேண்டாம், தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுக்கலாம். ஃபங்ஷனுக்கு மேலே விளக்கம் இல்லை. `redeem` என்பதும் பொதுவான பெயர்தான். இப்படியே ஆறு நிமிடம் போனது. சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் பணம் கசியும் ஒரு ஃபங்ஷனின் முன்னால் உட்கார்ந்து ஒருவர் ஆறு நிமிடம் பெயர்களைப் பற்றிப் பேசினால், எது பெரிது எது சிறிது என்று இவருக்குத் தெரியுமா என்ற சந்தேகம் கேட்பவருக்கு வந்துவிடும். சக ஊழியரின் தாளில் அந்த ஆறு நிமிடத்துக்கு ஒரே சொல்தான் இருந்தது: "மேலோட்டம்".

மேலிருந்து கீழாக, கண்ணில் பட்ட வரிசையில் பேசுவதுதான் இந்தச் சுற்றில் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். பதற்றம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மௌனமாக இருந்தால் தெரியாது என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில், முதலில் கிடைத்ததைச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில், "ரெண்டு நிமிஷம் முழுசாப் படிச்சிட்டுப் பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் படித்தால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. வாய்விட்டுப் பேச வேண்டும் என்றால் மூச்சுவிடாமல் பேச வேண்டும் என்று பொருள் இல்லை.

ஏழாவது நிமிடத்தில் அவரே நின்றார். "ஒரு நிமிஷம். இது என்ன திருப்பித் தருதுன்னு பார்க்கறேன்" என்று கடைசி வரிக்குப் போனார். அங்கிருந்துதான் இன்டர்வியூ தொடங்கியது என்பேன்.

இந்த மாதிரி ஃபங்ஷனைக் கடைசி வரியிலிருந்து படிப்பது நல்ல உத்தி. எல்லா வழிகளும் வந்து சேரும் இடம் அது. இங்கே வழி எதுவானாலும் விடை `True`. வரம்பு முடிந்துபோன கூப்பனா? `True`. வாலட் விழுந்துவிட்டதா? `True`. அவர் இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: "வரம்பு முடிஞ்ச கூப்பனை ஒருத்தர் போட்டா, மூணாவது வரியில நிபந்தனை பொய்யாகுது, நேரா கீழ வந்து `True` திரும்புது. அவர் திரையில 'வெற்றி'ன்னு வரும், பணம் வராது. இதைக் கூப்பிடற இடத்துல அந்த விடையை வெச்சு என்ன பண்றாங்க?" உள்ளீடு, அது போகும் வழி, பயனர் காணும் விளைவு, கடைசியில் உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வி. "எரர் ஹேண்ட்லிங் சரியில்ல" என்று அவர் சொல்லியிருந்தால் எழுதியவனாக என்னால் மறுத்துப் பேச முடியும். "இந்த மதிப்பைக் கொடுத்தா இது நடக்குது" என்பதை மறுக்க நான் கோடைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு நான், "ஆமா, திரையில வெற்றிச் செய்தி காட்டறோம்" என்றேன். குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

அடுத்து `except Exception: pass`. இதைப் பார்த்ததும் எல்லோரும் "எக்செப்ஷனை முழுங்கக் கூடாது" என்பார்கள். அது மனப்பாடம். அவர் ஒரு படி மேலே போய், "`wallet.credit` இதே டேட்டாபேஸ்ல எழுதுதா, வேற சர்வீஸைக் கூப்பிடுதா?" என்று கேட்டார். இந்தப் பத்து வரியைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் அதிகப் பயனுள்ளது இதுதான். ஏனென்றால் விடையைப் பொறுத்துச் சிக்கலின் வடிவமே மாறுகிறது. ஒரே டேட்டாபேஸ் என்றால் இரண்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போட்டால் முடிந்தது. வேறு சர்வீஸ் என்றால், நெட்வொர்க்கில் காலக்கெடு தாண்டிப்போன அழைப்பு அந்தப் பக்கம் நடந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியவே தெரியாது.

வேறு சர்வீஸ் என்றேன். அவர் விரலால் திரையைத் தொட்டுக் காட்டியே சொன்னார்: "அஞ்சாவது வரி போகுது. அந்தப் பக்கம் பணம் ஏறிடுது. பதில் வர்றதுக்குள்ள டைம்அவுட். எக்செப்ஷன் கிளம்புது, எட்டாவது வரி பிடிச்சு விட்டுடுது. அதனால `used_count` ஏறவே இல்ல. பணம் போயிடுச்சு, கணக்குல இல்ல. லாக்லயும் இல்ல."

சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தி, "நிஜமாவே பணம் ஏறாத தோல்வியும் இதேமாதிரிதான் தெரியும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க நமக்கு வழியே இல்ல" என்று சேர்த்தார். என் தாளில் அடிக்கோடு விழுந்த இடம் அது.

இங்கே எழுதியவனாக முதல் முரண்டு பிடித்தேன். "அது வேணும்னேதான் போட்டேன். வாலட் சர்வீஸ் அப்பப்போ தடுமாறும். அதுக்காகப் பயனருக்கு எரர் காட்டினா புகார் குவியும்."

"பயனருக்கு எரர் காட்ட வேண்டாம்ங்கறது சரிதான்," என்றார். "ஆனா இப்போ நமக்கும் சேர்த்து மறையுது. பயனருக்கு 'பரிசீலனையில இருக்கு'ன்னு காட்டிட்டு, நம்ம பக்கம் லாக் பண்ணி, பிறகு மறுபடி முயற்சி பண்ணலாம். பிடிக்கறதையும் எல்லா எக்செப்ஷனையும் பிடிக்காம வாலட் எரரை மட்டும் பிடிக்கலாம்." எழுதியவரின் நோக்கத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அந்த நோக்கம் கெடாமல் வேறு வழி சொன்னார். நான் நடித்துக்கொண்டிருந்தேன் என்றாலும், உள்ளுக்குள் இறங்கி வந்தது உண்மை.

பிறகு மூன்றாவது வரிக்கும் ஆறாவது வரிக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியைக் கண்டார். படித்து, சரிபார்த்து, பிறகு எழுதும் கோடு இது. நடுவில் வேறொரு கோரிக்கை புகுந்தால் என்ன ஆகும்? வரம்பு 100, இதுவரை 99 என்று வைத்துக்கொண்டார். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. இரண்டும் 99 என்று படிக்கின்றன. இரண்டும் நிபந்தனையைத் தாண்டுகின்றன. இரண்டு பேருக்கும் பணம் ஏறுகிறது. இரண்டும் 100 என்று எழுதுகின்றன. கொடுத்தது 101, கணக்கில் 100.

பலர் இதுவரை வந்து நின்றுவிடுவார்கள். இது வரம்பின் விளிம்பில் மட்டும் நடக்கும் அபூர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் "கடைசிக் கூப்பன்ல மட்டும் பிரச்சினை" என்றுதான் சொன்னார். "40ல இருக்கும்போது ரெண்டு பேர் வந்தா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் 41னு எழுதும்... ஒண்ணு தொலைஞ்சுடும். ஓ, அப்படின்னா விளிம்பு கணக்கே இல்ல. எப்போ ரெண்டு பேர் சேர்ந்து வந்தாலும் ஒரு எண்ணிக்கை காணாமப் போகும்."

அதுதான் இந்தப் பிழையின் கெட்ட குணம். பைத்தானில் ஒன்றைக் கூட்டி, கூட்டிய விடையை டேட்டாபேஸில் எழுதுவதால், ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்படுகிறது. கூப்பன் சூடாக ஓடும் நாளில் வரம்பை எத்தனை தாண்டியது என்று இந்த அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது எப்போதும் வரம்புக்குள்ளேயே இருப்பதாகத்தான் காட்டும். வாலட் பக்கத்துக் கணக்கோடு ஒப்பிட்டால்தான் வெளிச்சத்துக்கு வரும்.

இரண்டாவது முரண்டு: "ஒரு நாளைக்குப் பத்து பேர்தான் இதைப் பயன்படுத்துவாங்க. ரெண்டு பேர் ஒரே நொடியில வர்றதெல்லாம் நடக்காது."

"ரெண்டு பேர் வேண்டாம். ஒருத்தரே நெட் மெதுவா இருக்கேன்னு பட்டனை ரெண்டு தடவை தட்டினாப் போதும்."

சிரித்துவிட்டேன். அவர் நின்றபாடில்லை. "அட, அப்படின்னா இன்னொண்ணு. ஒரே ஆள் ஒரே கூப்பனை எத்தனை தடவை போடலாம்? கோடுல அதுக்குத் தடையே இல்லையே. `user_id` வாலட்டுக்கு மட்டும்தான் போகுது." முன்னுரையில் நான் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட விஷயம் அது. எழுதியிருக்கும் வரிகளைப் பார்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எழுதாமல் விட்டதைப் பார்க்க, தேவையிலிருந்து கோடை நோக்கி வர வேண்டும். அவர் வந்தது இரட்டைத் தட்டலின் வழியாக. எப்படி வந்தால் என்ன. அதைப் பிழை என்று முத்திரை குத்தாமல் கேள்வியாக வைத்ததும் சரியே. ஒருவருக்குப் பலமுறை கொடுப்பதுதான் திட்டம் என்றும் இருக்கலாம், அது ரிவ்யூ செய்பவர் முடிவு செய்ய வேண்டியதில்லை.

கேள்வி வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "இங்க டிரான்ஸாக்‌ஷன் போட்டிருக்கலாமோ?" என்று இழுப்பது கேள்வியே இல்லை, முடிவெடுத்துவிட்டுக் கேள்விக்குறி ஒட்டுவது. மரியாதைக்காகச் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் கேட்பவருக்கு, இவர் சந்தேகப்படுகிறாரா, சொல்லத் தயங்குகிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்று தெரியாது. தெரிந்தால் நேராகச் சொல்லலாம்: "இங்க டிரான்ஸாக்‌ஷன் வேணும், இல்லன்னா இது நடக்கும்." தெரியாததை மட்டும் கேட்கலாம். நேராகச் சொல்வதில் மரியாதைக்குறைவு வராமல் இருக்க, வாக்கியத்தில் ஆளை வைக்காமல் கோடை வைத்தால் போதும். "நீங்க `None` பார்க்கவே இல்ல" என்பதும் "இல்லாத கூப்பனுக்கு `c` இங்க `None` ஆகும்" என்பதும் ஒரே செய்திதான். ஆனால் முதலாவதைக் கேட்டதும் எழுதியவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளம்பிவிடுவார், கோடைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

சொல்லப்போனால் அந்த `None` விஷயத்தை அவர் தவறவிட்டார். இல்லாத கூப்பனைப் போட்டால் `c.used_count` இடத்தில் வெடிக்கும். அந்த வரி `try`க்கு வெளியே இருப்பதால் எக்செப்ஷன் நேராக வெளியே போகும். வரம்பு முடிந்த கூப்பனுக்கு வெற்றிச் செய்தி, தவறாகத் தட்டச்சு செய்த கூப்பனுக்கு சர்வர் எரர். இது பெரிய குறை இல்லை, சோதனை செய்யும்போது முதல் நாளே தெரிந்துவிடும். தவறவிட்டதற்காக நான் எதையும் கழிக்கவில்லை.

கழித்தது வேறிடத்தில். இரண்டாவது வரியின் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனை அவர் பார்த்துவிட்டார், அழகாகவும் சொன்னார்: "ஆறாவது வரியில மதிப்புகளைத் தனியாக் கொடுத்திருக்கு, அது சரியான முறை. ரெண்டாவது வரியில மட்டும் ஸ்ட்ரிங்குக்குள்ளயே ஒட்டியிருக்கு. கீழ பண்ணினதையே மேலயும் பண்ணிடலாம்." இதைவிட நல்ல சொல்முறை கிடையாது. எழுதியவருக்கு வழி தெரியும் என்று அவருடைய கோடையே சாட்சியாக வைத்துச் சொல்கிறது. பாராட்டும் இப்படி ஒரு வரியைச் சுட்டினால்தான் எடுபடும், "மொத்தத்துல நல்லா எழுதியிருக்கு" என்பது யார் காதிலும் விழாது.

நான் மூன்றாவது முரண்டு பிடித்தேன். "கூப்பன் கோடு நம்ம ஆப்ல இருந்துதானே வருது. அங்க எழுத்தும் எண்ணும் தவிர எதையும் தட்ட விடமாட்டோம்."

"ஓ, அப்படின்னா சரி," என்று நகர்ந்துவிட்டார்.

நகர்ந்திருக்கக் கூடாது. ஆப்பில் இருக்கும் தடை ஆப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும்தான். சர்வருக்கு நேராகக் கோரிக்கை அனுப்புகிறவர் `' OR '1'='1` என்று எழுதினால், கூப்பன் கோடு எதுவுமே தெரியாமல் அட்டவணையிலிருந்து ஒரு கூப்பன் அவர் கைக்கு வந்துவிடும். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை என்றாலும், "மாத்தறது ஒரே வரிதான், அந்தத் தடையை நம்பி விட வேண்டாம்" என்றாவது நின்றிருக்கலாம். மற்ற இரண்டு முரண்டுகளையும் அவர் சமாளித்தது, தன் கண்முன் ஒரு காட்சி ஓடியதால். இங்கே காட்சி ஓடவில்லை, விதி மட்டும் தெரிந்திருந்தது. விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒரு காரணம் சொன்னால் விட்டுவிடுவார்.

திருத்தம் கேட்டபோது அவர் எழுதியது:

```sql
UPDATE coupons SET used_count = used_count + 1
WHERE id = %s AND used_count < max_uses
```

"இதை முதல்ல ஓட்டி, எத்தனை வரிசை மாறிச்சுன்னு பார்க்கணும். ஒண்ணு மாறினா இடம் கிடைச்சுது, அப்புறம் பணம் ஏத்தலாம். பூஜ்யம்னா வரம்பு முடிஞ்சுது." சரிபார்ப்பும் கூட்டலும் டேட்டாபேஸுக்குள் ஒரே கட்டளையாகிவிடுகின்றன. போஸ்ட்கிரஸின் இயல்பான அமைப்பில், ஒரே வரிசையைத் தொடும் இரண்டாவது கட்டளை முதலாவது முடியும்வரை காத்திருந்து, புதிய மதிப்பை வைத்து நிபந்தனையை மறுபடி பார்க்கும். அதனால் 99க்குப் பிறகு ஒருவருக்குத்தான் இடம்.

வரிசை மாற்றியதால் வரும் விலையையும் அவரே சொன்னார். இப்போது எண்ணிக்கை ஏறிவிட்டுப் பணம் ஏறாமல் போகலாம், முன்பு நிறுவனத்துக்கு நட்டம், இனி பயனருக்கு. அதனால், ஒருவருக்கு ஒரு தடவைதான் என்றால், யார் எந்தக் கூப்பனை எடுத்தார் என்று தனி அட்டவணையில் எழுதி, கூப்பனும் பயனரும் சேர்ந்த இணைக்கு `UNIQUE` போட்டு, அந்த இணையையே சாவியாக வாலட் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும், அதே சாவி மறுபடி வந்தால் அந்தச் சர்வீஸ் இரண்டாம் முறை பணம் ஏற்றக் கூடாது என்றார். வாலட் சர்வீஸ் அப்படிச் சாவியை மதிக்குமா என்பது இந்தக் கோடில் தெரியாது, அந்தக் குழுவைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். ரிவ்யூவின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்து சொல்வது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "நாளைக்கு வெளியிட்டே ஆகணும். எதெல்லாம் திருத்தாம விடமாட்டீங்க?"

"மூணு. எண்ணிக்கையை டேட்டாபேஸ்ல கூட்டறது, எக்செப்ஷனை லாக் பண்ணி `False` திருப்பறது, ரெண்டாவது வரியில ஒட்டறதை எடுக்கறது. ஒரே ஆளுக்கான தடையைத் திட்டம் போட்டவங்ககிட்ட இன்னைக்கே கேட்பேன். பெயரெல்லாம் பிறகு பார்த்துக்கலாம், அதுல சிலது என் ரசனை." முதல் ஆறு நிமிடம் பேசியதை எல்லாம் அவரே கடைசி வாக்கியத்தில் ஓரம் தள்ளிவிட்டார். நான் விட்டுக்கொடுக்க வைத்த இன்ஜெக்‌ஷனும் பட்டியலில் திரும்பி வந்திருந்தது.

அவர் போன பிறகு எங்களுக்குள் வாக்குவாதம். சக ஊழியர் நடுத்தரம் என்று போட்டிருந்தார். தொடக்கத்தில் முக்கியம் எது என்று தெரியவில்லை, ஒரு இடத்தில் தப்பான விளக்கத்துக்குத் தலையாட்டினார் என்பது அவர் கட்சி. நான் ஒரு படி மேலே போட்டிருந்தேன். டைம்அவுட் காட்சியை யாரும் தூண்டாமல் ஓட்டிக் காட்டியவர் அந்த மாதத்தில் அவர் ஒருவர்தான். இருவரும் ஒப்புக்கொண்டது ஒன்று: படிவத்தில், "பாதுகாப்பு சம்பந்தமான எதிர்ப்பு வந்தால் அழுத்தம் குறைகிறது, அடுத்த சுற்றில் அதைச் சோதிக்கவும்" என்று எழுதி அனுப்பினோம்.